டீச்சர் பக்கத்தில் இல்லாத நாற்பது நிமிடம்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டியிருக்கும் எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் 37 பிள்ளைகள் படிக்கிறார்கள். வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இரண்டு பேர், அறைகளும் இரண்டுதான். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர் ஒரு அறையில். நான்கும் ஐந்தும் சேர்ந்து 15 பேர் பக்கத்து அறையில். சென்ற ஆண்டு ஜூனில் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளுக்கு டிசி வாங்கிக்கொண்டு, வேன் அனுப்பும் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு குடும்பமும் உப்பளத்துக் கூலிக்குப் போகிறவர்கள். ஃபீஸ் தனி, வேனுக்குத் தனி. ஏன் என்று கேட்டால் இருவரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "மூணு கிளாஸையும் ஒண்ணா போட்டு உக்கார வெச்சிருக்காங்க. எம்புள்ளைக்குன்னு டீச்சரு எப்பதான் சொல்லிக் குடுப்பாங்க?"

என் அக்கா மகள் அதே அறையில் இரண்டாம் வகுப்பு. அக்கா பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும் என்று எச்.எம். டீச்சருக்குத் தெரிந்திருந்தது. "நான் சொன்னா, எம் பள்ளிக்கூடத்துக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. நீ வெளியில இருந்து பாக்குறவன். பாத்துட்டு, இருக்கிறத இருக்கிறபடி சொல்லு தம்பி" என்றார். நான் சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்து கோடு எழுதிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. என் வேலை மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். ஆகவே நான்கு நாள் காலையில் போய் அந்த அறையின் பின்பக்கம் பாயில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் பெற்றோர்களிடம் நான் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில், ஏன் இரண்டே ஆசிரியர்? யாரோ ஒரு அதிகாரி நம் ஊரை மட்டும் புறக்கணித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர் எண்ணிக்கையைப் பிள்ளைகளை எண்ணித்தான் நிர்ணயிக்கிறது, வகுப்புகளை எண்ணி அல்ல. ஒன்று முதல் ஐந்து வரையிலான பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். ஐந்து வகுப்புக்கும் ஐந்து ஆசிரியர் வேண்டுமென்றால் 120 பிள்ளைகளைத் தாண்ட வேண்டும். எங்கள் ஊர் அளவுள்ள ஊரில் தொடக்கப் பள்ளி வயதில் அத்தனை பிள்ளைகளே கிடையாது.

ஆகவே சிறிய ஊர் ஒவ்வொன்றிலும் ஏதாவது இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்துதான் உட்கார வேண்டும். பல்வகுப்புக் கற்பித்தல் என்று பயிற்சி ஏடுகளில் போட்டிருப்பது இதைத்தான். இதற்கு மாற்று ஐந்து டீச்சர் அல்ல, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர்ப் பள்ளிதான். இதைச் சொன்னவுடன் கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் அடங்கியது. ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. சரி, சட்டம் அப்படி. அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது?

*

காலையில் கணக்குக்கு ஒதுக்கிய நேரம் ஒன்றரை மணி, அதாவது 90 நிமிடம். நான் போன நாட்களில் டீச்சர் அதைச் செலவழித்த விதத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன். முதல் 20 நிமிடம் 22 பேரும் சேர்ந்து. ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு, அன்றைக்கு எதைப் பற்றிய கணக்கு என்று ஒரு சின்னக் கதை. அதற்குப் பிறகு பிள்ளைகள் மூன்று குழுவாகப் பிரிந்து போகிறார்கள். டீச்சர் ஒவ்வொரு குழுவோடும் 20 நிமிடம் தரையில் உட்காருகிறார். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி எல்லோரும் சேர்ந்து, யார் என்ன செய்தார்கள் என்று காட்டுகிறார்கள்.

கூட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு டீச்சரோடு கிடைப்பது 20, 20, 10. மொத்தம் 50 நிமிடம். மீதி 40 நிமிடம் டீச்சர் அதே அறையில் இன்னொரு குழுவோடு இருக்கிறார். வீட்டில் பிள்ளை சொல்லி, பெற்றோர் மனதில் பதிவது இந்த நாற்பது நிமிடம்தான். "டீச்சரு எங்க பக்கம் வரவே இல்ல."

அந்த நாற்பதுக்குப் போவதற்கு முன் நடுவில் இருக்கும் இருபதைப் பார்ப்போம். ஒரு குழுவில் ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள். எட்டுப் பேர் என்றே வைத்துக்கொண்டாலும் இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தில் டீச்சர் அதன் விரலைப் பார்க்கிறார், சிலேட்டைப் பார்க்கிறார், அது எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்க்கிறார். இப்போது 40 பிள்ளைகள் உள்ள ஒரே வகுப்பை எடுத்துக்கொள்வோம். பீரியட் 40 நிமிடம். டீச்சர் போர்டில் நடத்த 25 நிமிடம் போனால் மிச்சம் 15. அதை நாற்பது பேருக்குப் பங்கு போட்டால் ஒரு பிள்ளைக்கு 22 விநாடி. அங்கே டீச்சர் முழு நேரமும் எம்புள்ளை வகுப்பிலேயேதான் இருக்கிறார். ஆனால் எம்புள்ளையைப் பார்ப்பது 22 விநாடி.

"அப்போ எங்க வேன் ஸ்கூல்ல நாப்பது பேரு இருக்காங்களே, அதான் நோட்டுல எல்லாம் ரைட்டு போட்டு வருது போல" என்று ஒரு அம்மா சொன்னார். சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

*

அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு நான் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

அன்றைக்குப் பத்துகளும் ஒன்றுகளும். அறையின் நடுவில் ஒரு முறம் நிறைய ஈர்க்குச்சி. பொதுக் கதை முடிந்து குழுக்கள் பிரிந்தன. முதல் குழுவின் வேலை பத்துக் குச்சியாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது. மேலே விரிந்துபோன கட்டையெல்லாம் ஒழுங்காகத் தட்டித் தட்டிக் கட்டிக்கொண்டிருந்தான் ஒரு பொடியன். இரண்டாம் குழு அந்தக் கட்டுகளை வைத்து இரண்டு இலக்கக் கூட்டல். மூன்றாம் குழுவுக்கு அட்டையில் கழித்தல். டீச்சர் அப்போது இரண்டாம் குழுவோடு.

மூன்றாம் குழுவில் ஒரு பெண் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த தவறு இது. ஒன்றுகள் இடத்தில் 2இலிருந்து 7 போகாது, ஆகவே பிள்ளை திருப்பிப் போட்டு 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறது. 5 வருகிறது. பத்துகள் இடத்தில் 5இலிருந்து 2 போனால் 3. விடை 35. கவனக்குறைவு அல்ல இது. எப்போதும் பெரியதிலிருந்துதான் சிறியதை எடுக்கணும் என்று முன்பு கற்ற விதியை அது நேர்மையாகப் பின்பற்றுகிறது. வீட்டுப்பாட நோட்டில் இதற்குச் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு கிடைக்கும். ஏன் தப்பு என்பது பிள்ளைக்குக் கடைசி வரை தெரியாது.

டீச்சர் தான் இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். எழுந்து வரவில்லை. "குச்சியில போட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். அவள் போய் முதல் குழுவிடமிருந்து ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் வாங்கி வந்தாள். 27 எடுக்க வேண்டும். இரண்டு கட்டை எடுத்து ஓரம் வைத்தாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரி இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றப் போனாள். "ஏய், பிரிக்காத! நான் இப்பதான் கட்டினேன்!" என்று கத்திக்கொண்டு அந்தப் பொடியன் ஓடி வந்தான்.

"பிரிச்சாத்தான்டா ஏழு எடுக்க முடியும். ரெண்டுதான் இருக்குது பாரு."

அவன் பார்த்தான். பிறகு தானே ரப்பர் பேண்டைக் கழற்றி, பத்துக் குச்சியையும் எண்ணி அவளிடம் கொடுத்தான். இப்போது உதிரி பன்னிரண்டு. ஏழு போனால் ஐந்து. கட்டு இரண்டு மிச்சம். இருபத்தைந்து. அவள் சிலேட்டில் 35ஐ எச்சில் தொட்டு அழித்தாள்.

'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நாம் எல்லோரும் படித்தோம். பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்பார்கள், பிறகு அந்தக் கடனைத் திருப்பித் தருவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் குழப்பம். உண்மையில் நடப்பது கடன் அல்ல. கட்டைப் பிரிப்பது. அந்தப் பெண் அதை ஒரு கட்டைப் பிரிக்கும்போது கண்டாள். பொடியனுக்கும் தான் காலையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தது எதற்கு என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு அவனுக்குக் கழித்தல் வரும்போது அது புதுப் பாடமாக இருக்காது. தான் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்த கட்டு அது.

ஒரே வகுப்பு மட்டும் உள்ள அறையில் இது நடந்திருக்காது. மூன்றாம் வகுப்பு அறையில் கட்டிக்கொண்டிருக்கும் பொடியன் இருக்க மாட்டான். ஒன்றாம் வகுப்பு அறையில் பிரிக்க வேண்டிய தேவை உள்ள அக்கா இருக்க மாட்டாள்.

ஆனால் இது தானாக நடந்துவிடவில்லை என்பதையும் கூட்டத்தில் சொன்னேன். மூன்று குழுவுக்கும் ஒரே பொருளை, ஒரே கருத்தின் மூன்று படிகளைக் கொடுக்க வேண்டும் என்று டீச்சர் முந்தின நாள் சாயங்காலமே முடிவு செய்திருக்கிறார். முதல் குழுவுக்குக் குச்சி, இரண்டாம் குழுவுக்குக் கடிகாரம், மூன்றாம் குழுவுக்குப் பின்னம் என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் அது ஒரே அறையில் மூன்று தனி வகுப்பு. அப்போது அந்த நாற்பது நிமிடம் வெறும் காத்திருப்புதான்.

*

யார் எந்தக் குழு என்பதுதான் பெற்றோர்களுக்கு அடுத்த சந்தேகம். "எம்பொண்ணு மூணாவது. ஏன் ஒண்ணாவது புள்ளைங்களோட உக்காந்திருக்கா?"

குழு வகுப்பின்படி பிரிவதில்லை, நிலையின்படி பிரிகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இந்த நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் மலராகவும் தமிழ் வாசிப்பில் மொட்டாகவும் இருக்கலாம். கொரோனாவில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பரில்தான் திறந்தன. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன் என்பதிலிருந்து வந்ததுதான் இந்த ஏற்பாடு.

எண்ணம் புதிது அல்ல. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலி பள்ளியினர், சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடப் புத்தகத்தைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். அவற்றை ஏணிப்படி போல வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டினார்கள். பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து, அந்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தது. இன்று இருபது, இருபத்திரண்டு வயதில் இதைப் படிக்கிறவர்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கிய படங்கள், சுவரின் அடியில் ஆளுக்கொரு கட்டமாக இருந்த கரும்பலகை, மூலையில் அட்டை ரேக்கு. அந்த அட்டைகள் கிழிந்துபோயின, முறை பலமுறை மாறியது. ஆனால் பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கு என்ற ஒரு விஷயம் மட்டும் பெயர் மாறி மாறித் தங்கியிருக்கிறது.

எங்கள் கடற்கரைக்கு இது ஏன் பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டத்திலிருந்தவர்களே சொன்னார்கள். உப்பு வேலை மழை விட்டபின் தொடங்கி அடுத்த மழை வரைக்கும். வெயில் ஏறுவதற்கு முன் வாரி முடிக்க வேண்டும் என்பதால் அப்பா அம்மா இருவரும் இருட்டிலேயே பாத்திக்குப் போய்விடுகிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஏழு வயது அக்கா பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுகிறாள். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலையில்லை. பிழைக்க வெளியூர் போகிற குடும்பங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகின்றன. இருபது நாள் கழித்துத் திரும்பி வருகிற பிள்ளை ஒரே வகுப்பு அறையில் என்ன செய்யும்? எல்லோரும் பெருக்கலில் இருப்பார்கள், இது கழித்தலில் நிற்கும். டீச்சரால் 39 பேரை நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பிப் போக முடியாது. அந்த இருபது நாள் அதற்குப் போனது போனதுதான், அடுத்த வருடமும் அதன்மேல்தான் கட்டடம்.

நிலைக் குழு இருக்கும் அறையில் அந்தப் பிள்ளை விட்ட படியிலேயே வந்து உட்காரும். கழித்தல் செய்துகொண்டிருக்கும் ஒரு குழு எப்போதும் அங்கே இருக்கும். மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஒரு வேலை முடியாமல் அதைச் சார்ந்த அடுத்த வேலையைத் தொடங்கினால், பிழை தொடங்கிய இடத்தில் தெரியாது. வெகுதூரம் தள்ளி எங்கோ வெடிக்கும். ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் வராத பிள்ளையைத் தோண்டிப் பார்த்தால், பல சமயம் இரண்டாம் வகுப்பில் பிரிக்கத் தெரியாமல் போன ஒரு கட்டு அடியில் கிடக்கும்.

*

"அப்ப பெரிய புள்ளைங்களுக்கு என்ன லாபம்? எம்பையன் சின்னதுங்களுக்கு வாத்தியார் வேலை பாக்கவா பள்ளிக்கூடம் வரான்?" ஒரு அப்பா எழுந்து நின்று கேட்டார். கூட்டத்தின் நல்ல கேள்வி இதுதான்.

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே இருநூறு வருடத்துப் பழைய பதில் ஒன்று உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், எல்லா வயதுப் பிள்ளைகள். முன்னே போனவன் சட்டாம்பிள்ளை, அவன் பின்னால் வருகிறவர்களுக்கு மணலில் எழுத்து சொல்லிக் கொடுப்பான். 1789இல் சென்னையில் தொடங்கிய ராணுவ ஆண் அனாதைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதும் ஒரு உள்ளூர்ப் பள்ளியைப் பார்த்தார். தன் இல்லத்தின் ஆசிரியர்கள் மறுத்தபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் அதே போன்ற முறையில் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்.

அது ஏன் நிலைக்கவில்லை என்பதில்தான் அந்த அப்பாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆசிரியர் செலவை மிச்சம் பிடிக்கத்தான் பெரிய பிள்ளைகளைப் பயன்படுத்தினார்கள். சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது மனப்பாடம், ஆகவே அவன் கொடுத்ததும் மனப்பாடம். ஆசிரியர் யாருடனும் உட்காரவில்லை, மேடையிலிருந்து மேற்பார்த்தார். ஆசிரியருக்கு மாற்றாகப் பிள்ளையை நிறுத்தினால் இரண்டு பிள்ளைகளுக்குமே நட்டம்.

எங்கள் அறையில் நான் பார்த்தது வேறு. பெரிய பிள்ளை கற்பிப்பது ஐந்து பத்து நிமிடம், தான் அண்மையில் முடித்த படியை மட்டும். அதில் அதற்கே லாபம் இருக்கிறது. ஒன்றைச் செய்யத் தெரிவதும் சொல்லத் தெரிவதும் ஒன்றல்ல. "ஏன் பிரிக்கிற?" என்று பொடியன் கேட்டபோது அந்தப் பெண் தான் செய்யப்போவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. "ரெண்டுதான் இருக்குது பாரு" என்ற அந்த ஒரு வரிதான் அவளுக்குக் கணக்குப் புரிந்த இடம். டீச்சர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பாள்.

அந்த அப்பாவிடம் அளவுகோலாக ஒன்றைச் சொன்னேன். உங்க பையன் சொல்லிக்கொடுக்கிற நேரம் அவன் கற்றுக்கொள்கிற நேரத்தைவிட அதிகமானால், தினமும் அவனே உட்கார்ந்தால், நீங்கள் வந்து கேட்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் அவனுக்கும் யாரோ சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

*

இதெல்லாம் கேட்டுவிட்டு இந்த முறைதான் உசத்தி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 1995இல் சைமன் வீன்மன் என்ற டச்சு ஆய்வாளர், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். சேர்ந்து படித்த பிள்ளைகளுக்கும் தனித்தனி வகுப்பில் படித்தவர்களுக்கும் பொதுவாகப் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். அதாவது மோசமும் இல்லை, மேலும் இல்லை. அடுத்த ஆண்டே மேசன், பர்ன்ஸ் என்ற இருவர் அதை மறுத்தார்கள். இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பல பள்ளிகளில் நல்ல ஆசிரியரையும் தானாகப் படிக்கிற பிள்ளைகளையும் பொறுக்கி அனுப்புகிறார்கள், அதைக் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் நட்டமே இருக்கலாம் என்றார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் எனக்குப் புரிவது இதுதான்: வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பதால் மட்டும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எல்லாம் அந்த நாற்பது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான்.

ஆகவே அது கெட்டுப்போகும் விதங்களையும் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று விதம்.

முதலாவது, எழுத வைத்துவிடுவது. டீச்சர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற இரண்டும் போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதும். அறை அமைதியாக இருக்கும், நோட்டு நிறைந்திருக்கும், பெற்றோருக்கும் திருப்தி. பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் இது வெளியே தெரியாது. "டீச்சரு உன் பக்கத்துல இல்லாதப்ப என்ன செஞ்ச?" என்று கேளுங்கள். குச்சி, அட்டை, யாரோடு சேர்ந்து செய்தது, யாரிடம் சண்டை போட்டது என்று பதில் வந்தால் வகுப்பு நடக்கிறது. நான்கு நாளும் "எழுதினேன்" என்றே வந்தால் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நிலை பெயராக ஒட்டிக்கொள்வது. அரும்பு என்பது இந்த மாதம் பிள்ளை நிற்கும் படி. "அவன் அரும்புப் பையன்" என்று ஆகிவிட்டால் அது பழைய 'மக்கு பெஞ்சு'தான், பெயர் மட்டும் பூப் பெயர். ஒரு பருவம் முழுக்க அதே குழுவில் அதே பிள்ளைகளே இருந்தால் கேட்கலாம்: எந்தப் படியில் நிற்கிறான், அதைத் தாண்ட என்ன செய்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இருக்க வேண்டும். எங்கள் டீச்சரிடம் இருந்தது. ஒரு பையனைக் காட்டி, "இவனுக்கு எண்ண வருது, எழுத வரல. அதனால ரெண்டு வாரமா வாயாலதான் கணக்கு" என்றார்.

மூன்றாவதுதான் பெரியது. இரண்டு ஆசிரியரில் ஒருவர் இல்லாத நாள். பயிற்சி, தேர்தல் வேலை, விடுப்பு, கூட்டம், ஏதாவது ஒன்று. அன்றைக்கு ஒரு ஆசிரியர், ஐந்து வகுப்பு, 37 பிள்ளைகள். மூன்று குழுவோடு இருபது இருபது நிமிடம் உட்காரும் கணக்கு அன்றைக்குச் செல்லாது. குழு ஐந்தானால் நேரம் பன்னிரண்டாகச் சுருங்கும், நான்கு ஐந்தாம் வகுப்பின் அறிவியலும் சமூக அறிவியலும் குச்சியை வைத்து நடத்த முடிகிற விஷயமும் இல்லை. அன்றைக்கு எழுத வைப்பதைத் தவிர எந்த ஆசிரியராலும் வேறு ஒன்றும் செய்ய முடியாது. எச்.எம். டீச்சரே அதைக் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னார். "அந்த நாள்ல நான் பாடம் நடத்துறதில்ல. பாத்துக்கிறேன், அவ்ளோதான்."

கேள்வி கேட்ட அந்த அப்பா அப்போது, "அப்படி எத்தினி நாளு டீச்சர்?" என்றார். டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து எண்ணினார். அந்தப் பருவத்தில் 14 நாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது, மூன்று வகுப்பைப் பிரித்து உட்கார வையுங்கள் என்பதை. சட்டம் அதற்கு ஆள் தராது, பிரித்தாலும் பிள்ளைக்கு லாபம் நிச்சயமில்லை. இப்போது கேட்க வேண்டியது வேறு ஒன்று என்று பட்டது. ஒருவரை வெளி வேலைக்கு அழைக்கும் நாளில் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்று ஆசிரியர் ஒருவரை அனுப்ப வேண்டும். அனுப்ப முடியாத நாட்களில் இந்தப் பள்ளி ஆசிரியர்கள் இருவரையும் ஒரே நாளில் பயிற்சிக்கு அழைக்கவே கூடாது. தீர்மான நோட்டில் அதை எழுதியது என் அக்கா. வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் போனது. பதினேழு பேர் கையெழுத்து, மூன்று பேர் கைநாட்டு.

கைநாட்டு வைத்த மூவரில் ஒரு பாட்டி மட்டும் மையைத் துடைத்துக்கொண்டே டீச்சரிடம் கேட்டார். "ஏம்மா, அந்தக் குச்சிய நாங்க வூட்டுலயே சீவி எடுத்தாந்தா ஆகாதா? தென்னந்துடப்பம் ஒண்ணு சும்மாதான் கெடக்குது."

மறுநாள் காலை முறத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தை புது ஈர்க்குச்சி இருந்தது. பொடியன் அதை எண்ணத் தொடங்கியிருந்தான்.